ஒரு மறுப்பைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது?

பிரெஞ்சு இலக்கணம் கைவந்த பிறகும் ஒருவருடைய எழுத்து வெளியூர்க்காரர் எழுத்தாகவே தெரியும். பால் சரியாக இருக்கும், காலம் சரியாக இருக்கும், சொற்களும் அகராதியில் உள்ளவைதான். ஆனால் அந்தப் பெயர்ச்சொல்லோடு அந்த வினையைப் பிரெஞ்சுக்காரர் சேர்த்திருக்க மாட்டார். சேர்த்தாலும் அந்த இடத்தில் சேர்த்திருக்க மாட்டார். தமிழில் பல்லை விளக்குகிறோம், பாத்திரத்தையும் விளக்குகிறோம், முகத்தை மட்டும் கழுவுகிறோம். ‘முகம் விளக்கினேன்’ என்று ஒருவர் எழுதினால் இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அப்படி யாரும் சொல்வதில்லை.

சொற்சேர்க்கை என்பது இதுதான். இதற்கு விதி கிடையாது, ஒவ்வொன்றாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதோடு இன்னொரு கேள்வியும் ஒட்டியே வரும்: இந்தச் சேர்க்கை எந்த இடத்துக்கு உரியது? அலுவலகக் கடிதத்துக்கா, செய்தித்தாளுக்கா, நண்பர்களோடு பேசுவதற்கா? சொல்லின் தொனி என்று இதைச் சொல்லலாம். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இருமொழி அகராதி நல்ல பதில் தருவதில்லை. ஒரு சொல்லுக்கு இன்னொரு மொழியில் நிகர் எது என்று சொல்வதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. முன்னேறிய மாணவர் நாட வேண்டியது பிரெஞ்சுச் சொல்லுக்குப் பிரெஞ்சிலேயே பொருள் சொல்லும் அகராதியையும், உண்மையான வாக்கியங்களைத் திரட்டி வைத்திருக்கும் இணையத் தொகுப்புகளையும்தான். பிரெஞ்சு அரசின் சான்றிதழ்த் தேர்வுகளில் உச்சியில் உள்ள டால்ஃப் சி2-வின் எழுத்துத் தேர்வில், பிரெஞ்சு–பிரெஞ்சு அகராதியை மேசையில் வைத்துக்கொள்ளவே அனுமதி உண்டு. அந்த நிலையில் சோதிக்கப்படுவது சொல் தெரியுமா என்பதல்ல, சொல்லை எங்கே எப்படி வைக்கிறார் என்பதே.

இதை ஒரே ஒரு சொல்லை வைத்துப் பார்ப்போம். சொல்: refus, ‘ரஃப்யூ’ என்று ஒலிக்கும். பொருள் மறுப்பு.

புதுச்சேரியிலோ சென்னையிலோ பிரெஞ்சு படித்த ஒருவர் பிரான்சில் உள்ள அலுவலகம் ஒன்றுக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தன் மனு முன்பு ஒருமுறை நிராகரிக்கப்பட்டதை அதில் குறிப்பிட வேண்டும். கைக்கு முதலில் வருவது J'ai reçu un refus என்ற வாக்கியம். ‘ஒரு மறுப்பைப் பெற்றேன்.’ இது தவறில்லை. பிரெஞ்சுக்காரர்களும் பேச்சில் இதைச் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கடிதத்துக்கு இதுதான் பொருத்தமா என்று அவருக்குத் தெரியவில்லை. அகராதி திறக்கப்பட வேண்டிய இடம் இது.

பலரும் முதலில் வினையைத் தேடுவார்கள். recevoir என்ற வினையின் பதிவைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஓடும், அதில் மறுப்பு எங்கே இருக்கிறது என்று தேடியே களைத்துவிடுவார்கள். தேட வேண்டியது பெயர்ச்சொல்லை. சொற்சேர்க்கையில் பெயர்ச்சொல்தான் நிலையானது. சொல்ல வந்த விஷயம் அதுதான், அது மாறாது. எந்த வினையோடு சேர்வது என்பதை அந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது. ஜெர்மானிய மொழியியலாளர் ஃபிரான்ஸ் யோசஃப் ஹவுஸ்மன் இதற்கு இரண்டு பெயர்கள் வைத்தார்: பெயர்ச்சொல் அடித்தளம், வினையோ அடைமொழியோ அதன்மேல் சேர்வது. எழுதுகிறவர் அடித்தளத்திலிருந்து தொடங்குவதால் தேடலும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

refus பதிவைத் திறந்தால் விளக்கம் ஓரிரு வரிதான். முன்னேறிய மாணவருக்கு அந்த விளக்கம் தேவையே இல்லை. அவர் படிக்க வேண்டியது விளக்கத்துக்குப் பின் சாய்வெழுத்தில் வரும் சிறுசிறு தொடர்களை. அவற்றை அகராதிக்காரர்கள் இடம் நிரப்புவதற்காகப் போடவில்லை. பொதுவழக்கில் நிலைத்துவிட்ட சேர்க்கைகளைத்தான், பொருள் எதுவும் சொல்லாமல், அப்படி அடுக்கி வைக்கிறார்கள். refus விஷயத்தில் அங்கே எதிர்ப்படுபவை: opposer un refus, essuyer un refus, se heurter à un refus. அடைமொழிகளில் catégorique என்பது கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும்.

மூன்று வினைகளும் ஒரே மறுப்பைத்தான் சொல்கின்றன, ஆனால் நிற்கும் இடம் வேறு. opposer-இன் எழுவாய் மறுப்பவர்; அவர் மறுப்பை எதிரே நிறுத்துகிறார். essuyer-இன் எழுவாய் மறுக்கப்பட்டவர். se heurter என்றால் முட்டிக்கொள்வது. அங்கே எழுவாயாக ஆள் மட்டுமல்ல, மனுவே வரலாம், கோரிக்கையே வரலாம். இருமொழி அகராதி மட்டும் வைத்திருப்பவர் இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதி, மறுத்தவரை மறுக்கப்பட்டவராக்கிவிடும் வாய்ப்பு நிறைய.

இப்போதுதான் வினையின் பதிவுக்குப் போக வேண்டும். essuyer என்பதன் முதல் பொருள் துடைப்பது. கையைத் துடைப்பது, தட்டைத் துடைப்பது. கீழே இறங்கினால் வேறொரு பொருள் வரும்: விரும்பத்தகாத ஒன்றுக்கு ஆளாவது. அதற்கு அகராதி தரும் செயப்படுபொருள்களைக் கவனியுங்கள். புயல், எதிரியின் துப்பாக்கிச்சூடு, தோல்வி, கண்டனம், மறுப்பு. எல்லாமே கெட்டவை. வெற்றியோ பாராட்டோ அந்தப் பட்டியலில் கிடையாது, வரவும் முடியாது. ‘இந்த வினை நல்லவற்றோடு சேராது’ என்று எந்த அகராதியும் தனியாக எழுதி வைப்பதில்லை. பட்டியலைப் படித்து நாமேதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சு–பிரெஞ்சு அகராதியைப் படிக்கும் கலையில் பெரும்பகுதி இப்படிச் சொல்லாமல் விட்டதைப் பார்ப்பதுதான்.

தொனியைப் பற்றி மட்டும் அகராதி வாய்திறந்து பேசும், ஆனால் சுருக்கெழுத்தில். fam. என்றால் அன்றாடப் பேச்சுக்கும் நெருக்கமானவர்களுக்கு எழுதுவதற்கும் உரியது, சபையில் ஆகாது. pop. அதற்கும் கீழே, நகரத்துப் பாமர வழக்கு என்று முன்பு கருதப்பட்டது. littér. என்றால் அழகுபடுத்தி எழுதும் எழுத்துக்கு உரியது. vieilli, vx இரண்டும் பழமையைக் குறிப்பவை. மாணவர்கள் இவற்றை ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். முதலாவது, இன்றும் எல்லாருக்கும் புரியும், ஆனால் இயல்பாக யாரும் சொல்வதில்லை என்று பொருள். இரண்டாவது, இன்றைய ஆளுக்குப் புரிவதே கடினம், பழைய மணம் வேண்டுமென்றே வரவழைப்பவர் மட்டும் எழுதுவார் என்று பொருள். முதல் வகையைக் கட்டுரையில் எழுதினால் தாத்தா காலத்து நடையாகத் தோன்றும். இரண்டாவது வகையை எழுதினால் வாசகர் நின்றுவிடுவார்.

இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. குறி எதுவும் இல்லை என்பதும் ஒரு தகவல்தான்: அந்தச் சொல் எங்கும் செல்லும். இன்னொன்று, குறி ஒட்டியிருப்பது சொல்லின்மேல் அல்ல, அதன் ஒரு பொருளின்மேல். boîte என்றால் பெட்டி; அதற்குக் குறி கிடையாது. அதே சொல் ‘நான் வேலை பார்க்கும் கம்பெனி’ என்ற பொருளில் வரும்போது fam. என்ற குறி முளைக்கும். குறி இருக்கும் வரியைத் தாண்டி மேலேயும் கீழேயும் அதை நீட்டிப் படிப்பவர்கள், நல்ல சொல்லையும் பயந்து ஒதுக்கிவிடுகிறார்கள். refus பதிவிலேயே இது உண்டு. பதிவு முழுக்கக் குறியில்லாமல் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ce n'est pas de refus என்ற தொடருக்கு முன் மட்டும் fam. வரும். ஒருவர் காபி வேண்டுமா என்று கேட்கும்போது ‘வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கொடுங்கள்’ என்பதற்கு இது. மறுப்பு என்ற சொல்லைக் கொண்டே சம்மதம் சொல்கிறார்கள்.

எந்த அகராதி? ‘பெத்தி ரொபேர்’ 1967-இல் முதலில் வந்தது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. சேர்க்கைகளை அடுக்குவதில் நெருக்கமும் தொனிக் குறிகளில் நுணுக்கமும் அதில் அதிகம். அதன் முழு இணையப் பதிப்புக்குச் சந்தா உண்டு, ஆனால் அதே நிறுவனத்தின் எளிய அகராதி இணையத்தில் இலவசம். லரூஸின் இணைய அகராதியும் இலவசம். பிரெஞ்சு அகாதமியின் அகராதியும் அப்படியே; அதன் ஒன்பதாம் பதிப்பு 2024-இல்தான் நிறைவுற்றது. அதில் மரபின் குரல் கேட்கும், தெருவின் குரல் கேட்காது.

இவை எல்லாவற்றிலும் செல்வம் மிகுந்தது ‘த்ரெஸோர்’. 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக வந்து, பிறகு கணினிக்கு ஏறிய பெரும் அகராதி. cnrtl.fr என்ற தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் உள்ளன. பதிவுகளுக்குள் SYNT. என்று ஒரு சின்னக் குறி வரும். பக்கத்தைத் திறந்ததும் உலாவியின் தேடலில் அந்த நான்கு எழுத்தைத் தட்டினால் நேராக அங்கே போய் நிற்கலாம். அந்தச் சொல்லோடு வழக்கமாகச் சேரும் வினைகளும் அடைமொழிகளும் அங்கே வரிசையாக இருக்கும். பிரெஞ்சு எழுதுகிற எவருக்கும் இதைவிடப் பெரிய கொடை ஒன்று இலவசமாகக் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் த்ரெஸோரின் மேற்கோள்களில் பெரும்பகுதி 19, 20-ஆம் நூற்றாண்டு இலக்கியத்திலிருந்து எடுத்தவை. 1994-க்குப் பிறகு அது வளரவில்லை. ஒரு சேர்க்கை அங்கே இருப்பதால், இன்றைக்கு அதை ஓர் அலுவலகக் கடிதத்தில் எழுதலாம் என்று ஆகிவிடாது. அதன் தொனிக் குறிகளும் அந்தந்தத் தொகுதி அச்சான காலத்தவை. அன்று pop. என்று ஒதுக்கப்பட்ட சொற்கள் பலவற்றை இன்று பேராசிரியர்களும் சாதாரணமாகப் பேச்சில் சொல்கிறார்கள். ஆகவே த்ரெஸோரில் கண்டதை இன்றைய வாக்கியங்களோடு ஒத்துப் பார்த்தாக வேண்டும். வாக்கியத் தொகுப்புகளின் வேலை அங்கே தொடங்குகிறது.

தேடும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது, பிரெஞ்சு வினை உருமாறும் என்பது. essuyer un refus என்று மட்டும் தேடினால் வினையின் மூல வடிவம் வரும் வாக்கியங்கள் மட்டுமே கிடைக்கும். essuyé un refus, essuie un refus, essuya un refus என்று தனித்தனியே தட்ட வேண்டும். இது சலிப்பான வேலைபோலத் தெரியும், ஆனால் இதிலேயே தொனி பிடிபடும். கடைசி வடிவம் பிரெஞ்சில் கதையும் வரலாறும் எழுதும் இறந்தகாலம். பேச்சில் கிட்டத்தட்ட இல்லை. ஒரு சேர்க்கை அந்த வடிவத்தில் தாராளமாகக் கிடைத்தால் அது எழுத்துலகத்தில் வாழ்கிறது. பேச்சுக்குரிய இறந்தகாலத்தில் மட்டும் கிடைத்து அந்த வடிவத்தில் ஒன்றுகூட அகப்படாவிட்டால், அது பேச்சுச் சேர்க்கையாகத்தான் இருக்கும். essuyer un refus இரண்டிலும் கிடைக்கும். வரலாற்று நூலிலும் உண்டு, இன்றைய அரசியல் செய்தியிலும் உண்டு.

அடுத்தது, யார் எழுதிய வாக்கியம் என்பது. கூகுள் தேடலிலேயே ஒரு குறிப்பிட்ட தளத்துக்குள் மட்டும் தேட முடியும். மேற்கோள் குறிக்குள் தொடரை இட்டு, பக்கத்தில் தளத்தின் பெயரைச் சேர்த்தால் போதும்.

```
"essuyé un refus" site:lemonde.fr
"fait l'objet d'un refus" site:legifrance.gouv.fr
```

முதலாவது ‘லெ மோந்த்’ நாளிதழுக்குள் தேடுகிறது. இரண்டாவது பிரான்சின் சட்டங்களும் தீர்ப்புகளும் அடங்கிய அரசுத் தளத்துக்குள். அந்த இரண்டாவது தொடர் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அரசு ஆவணங்களில் refus என்று தேடி, சுற்றியுள்ள சொற்களைப் படித்தால் தானாகவே வந்து நிற்கும்: faire l'objet d'un refus, அதாவது மனு ‘மறுப்புக்கு உள்ளாகியுள்ளது’. மறுத்தது யார் என்று சொல்லாமலே சொல்லிவிடும் அலுவலக நடை அது. நம் மனுதாரர் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். அகராதியின் முன்வரிசையில் இது இருக்க வேண்டும் என்பதில்லை, ஏனென்றால் இந்த வினைத்தொடர் ஆய்வு, விசாரணை, விவாதம் என்று எந்தப் பெயரோடும் சேரக்கூடிய பொதுத்தொடர். அரசின் எழுத்துக்குள் நேராகப் போய்ப் பார்த்தால்தான் அதன் எடை தெரிகிறது.

இப்படிப் பார்க்கும்போது கூகுள் காட்டும் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். அது தோராயமான மதிப்பீடு. கடைசிப் பக்கம் வரை போனால் லட்சம் என்று காட்டியது சில நூறாகச் சுருங்கிவிடும். இருபது வாக்கியங்களைத் திறந்து படித்து, எழுதியவர் யார், எழுவாய் யார், எந்தக் காலம் என்று பார்ப்பது எண்ணிக்கையைவிடப் பல மடங்கு பயன்.

இருமொழி வாக்கியத் தொகுப்புகள்தான் மாணவர்கள் அதிகம் நாடுபவை. 2009-இல் தொடங்கிய லிங்குவீயும், ரிவெர்ஸோ கான்டெக்ஸ்டும் அந்த வகை. ஒரு பக்கம் ஆங்கில வாக்கியம், மறுபக்கம் பிரெஞ்சு. வேகமானவை, வசதியானவை. ஆனால் தொனியையும் சேர்க்கையையும் சரிபார்க்க இவற்றை மட்டும் நம்புவது ஆபத்து. காரணம், வலப்பக்கம் இருக்கும் பிரெஞ்சு பல சமயம் பிரெஞ்சுக்காரர் தானாக எழுதியது அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்கள், கம்பெனிகளின் தளங்கள், படங்களின் வசன வரிகள் என்று ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவை ஏராளம். தமிழ்நாட்டிலிருந்து பிரெஞ்சு கற்பவர் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் கற்கிறார். அவர் மனத்தில் உள்ள ஆங்கிலச் சேர்க்கையை ஆங்கிலத்தின் நிழல் விழுந்த பிரெஞ்சில் தேடினால், அது இருக்கத்தான் செய்யும். தன் தவறுக்குத் தானே சாட்சி தேடிக் கண்டுபிடித்துக்கொள்கிறார்.

இதற்கு நல்ல உதாரணம் adresser un problème. ஒரு பிரச்சினையைக் கையாள்வது என்ற பொருளில் ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்தது. இருமொழித் தொகுப்பில் தேடினால் இது கிடைக்கும். நாலைந்து வரிகள் கண்ணில் பட்டதும் மாணவர் திருப்தியாகிவிடுவார். problème என்ற பெயர்ச்சொல்லைப் பிரெஞ்சு அகராதியில் பாருங்கள்: poser, soulever, aborder, traiter, résoudre என்ற வினைகள் இருக்கும், adresser இருக்காது. adresser பதிவுக்குப் போனால், கடிதம், கண்டனம், வாழ்த்து, வேண்டுகோள் என்று இன்னொருவரை நோக்கி அனுப்புகிற பொருள்கள் மட்டுமே நிற்கும். பிரச்சினையை யாருக்கு அனுப்புவது? அகராதியில் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தும் இல்லை, தொகுப்பில் மட்டும் இருக்கிறது என்றால், உடனே கவனிக்க வேண்டியது அந்த வாக்கியத்தின் மூலத் தளம். லிங்குவீ ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் தள முகவரியைக் காட்டும். europa.eu என்றோ பன்னாட்டுக் கம்பெனியின் பெயரோ, gc.ca என்று முடியும் கனடா அரசுத் தளமோ இருந்தால் மொழிபெயர்ப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரெஞ்சு நாளிதழோ பிரான்சின் நீதிமன்றமோ இருந்தால் நம்பலாம்.

கனடாவைச் சந்தேகத்தோடு மட்டும் பார்ப்பதும் அநியாயம். கியூபெக்கில் பிரெஞ்சு தாய்மொழி. அங்குள்ளவர் tomber en amour என்று காதலில் விழுவார், பாரீஸ்காரர் tomber amoureux என்பார். முதலாவது பிழையல்ல, அந்த ஊர் வழக்கு. ஆனால் பாரீஸ் கடிதத்தில் அது உடனே கண்ணில் படும். சொற்சேர்க்கைக்காகவே தொகுத்த அருமையான அகராதி ஒன்றும் கனடாவிலிருந்துதான் வருகிறது. ஜாக் பொஷேன் தொகுத்த அது, கனடா அரசின் மொழித் தளத்தில் இலவசமாக இருக்கிறது. பெயர்ச்சொல்லைத் தட்டினால் சேரும் அடைமொழிகளையும் வினைகளையும் அடுக்கித் தரும். பொருளும் சொல்லாது, தொனியும் சொல்லாது. ஆகவே அதில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி பிரெஞ்சு–பிரெஞ்சு அகராதிக்குத்தான் திரும்ப வேண்டும்.

மொழிபெயர்ப்பின் கலப்பு குறைந்த தொகுப்பு வேண்டும் என்றால், லைப்சிக் பல்கலைக்கழகத்தின் corpora.uni-leipzig.de தளம் இருக்கிறது. பிரெஞ்சைத் தேர்ந்து செய்தித் தொகுப்பு ஒன்றில் சொல்லைத் தட்டினால், அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் வழக்கமாக உட்காரும் சொற்களைப் பிரித்துக் காட்டும். refus தட்டிப் பார்க்கும் மாணவர் அங்கே refus d'obtempérer என்ற தொடரை அடிக்கடி சந்திப்பார். போலீஸ் நிறுத்தச் சொல்லியும் வண்டியை நிறுத்தாமல் போவதற்குச் சட்டப்பெயர் அது. செய்தித்தாளில் அந்த வழக்குகள் அதிகம் என்பதால் மேலே நிற்கிறது. தொகுப்பு எதிலிருந்து செய்தது என்பது அதன் விடையையே வளைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

புத்தகங்களுக்கு கூகுளின் என்கிராம் கருவி. books.google.com/ngrams பக்கத்தில் பிரெஞ்சுத் தொகுப்பைத் தேர்ந்துகொண்டு, தெரியாத சொல்லின் இடத்தில் உடுக்குறி போட வேண்டும். ‘கடுமையாகக் காயமடைந்தவர்’ என்று எழுத gravement சரியா grièvement சரியா என்ற பழைய சந்தேகத்தை இதில் தீர்க்கலாம்.

```
grièvement *
gravement *
```

ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதிகம் வரும் பத்துச் சொற்களைக் கோடுகளாக வரைந்து காட்டும். grièvement-க்குப் பின்னால் blessé என்பதே ஆண்பால், பெண்பால், பன்மை என்று வேடம் மாற்றிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். gravement-க்கோ காயமும் உண்டு, நோயும் உண்டு, இன்னும் பலவும் உண்டு. அகராதியும் இதையே சொல்கிறது: grièvement காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் உரியது. நோயாளியைப் பற்றி அதை எழுதக் கூடாது. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போனால் மனம் நிம்மதியாக எழுதலாம். ஒரு தொடர் குறைந்தது 40 புத்தகங்களில் வந்தால்தான் என்கிராம் அதைக் காட்டும். வெற்றுப் பக்கம் வந்தால் ‘அப்படி ஒரு சேர்க்கையே இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். சேர்க்கை அரிதாக இருக்கலாம், அல்லது é, è மாறித் தட்டியிருக்கலாம்.

பேச்சுவழக்கைப் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். புத்தகத் தொகுப்பில் பேச்சு இல்லை, சட்டத் தளத்தில் இல்லை, நாளிதழில் மேற்கோளுக்குள் மட்டும் தலைகாட்டும். se prendre un refus என்று இளைஞர்கள் சொல்வார்கள். அடி வாங்குவதுபோல மறுப்பை வாங்கிக்கொள்வது. refus பதிவில் இது இருக்காது. prendre வினையின் நீண்ட பதிவில் se prendre என்ற வடிவத்தைத் தேடினால், அறையும் குத்தும் வாங்குகிற பொருளில், fam. என்ற குறியோடு கிடைக்கும். அந்தக் குறியை வைத்து நாமே ஊகிக்க வேண்டியதுதான். ரிவெர்ஸோவின் படவசன வரிகள் இங்கே மட்டும் கைகொடுக்கும். அவற்றையும் எழுதியவர் வசனகர்த்தாவோ மொழிபெயர்ப்பாளரோதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு நம் மனுதாரரின் குறிப்பேட்டில் refus என்ற தலைப்பின் கீழ் மூன்று வரிகள் இருக்கும்.

```
Ma demande a fait l'objet d'un refus.
Le ministre a essuyé un refus catégorique.
Je me suis pris un refus.
```

முதல் வரி கடிதத்துக்குப் போகிறது. இரண்டாவது கட்டுரைக்கு. மூன்றாவது நண்பரிடம் சொல்வதற்கு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுவாய் மறுத்தவரா மறுக்கப்பட்டவரா என்பதையும், வாக்கியத்தை எங்கே கண்டோம் என்பதையும் எழுதி வைப்பது நல்லது. ஆறு மாதம் கழித்து அந்தச் சேர்க்கை நினைவுக்கு வரும், ஆனால் அது தீர்ப்பில் கண்டதா படத்தில் கேட்டதா என்பது மறந்துபோயிருக்கும்.

இவ்வளவு செய்தும் தீராத சந்தேகங்கள் இருக்கும். குறிப்பாக, அகராதி குறியில்லாமல் விட்ட சேர்க்கை தொகுப்புகளில் பழைய நூல்களில் மட்டும் கிடைக்கும்போது. அப்போது பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். ‘இது சரியா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘சரிதான்’ என்றே பதில் வரும். புரிந்ததையெல்லாம் சரி என்பது மனித இயல்பு. ‘இதை நீங்கள் யாரிடம் சொல்வீர்கள், யாரிடம் சொல்ல மாட்டீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் சற்று யோசித்து, அலுவலக மேலாளரிடம் சொல்வேன், அம்மாவிடம் சொல்ல மாட்டேன், அல்லது என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்பார். அந்தப் பதிலையும் குறிப்பேட்டில், அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.